தாத்தா பாட்டியின் வீடியோ கால் மக்கர் செய்யும்போது: அறிகுறி வாரியாக வாசித்துக் காட்டும் வழிமுறை

இது ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வீடியோ கால் பேசும் பெரியவர்களுக்காக, தூரத்தில் இருக்கும் பேரனோ பேத்தியோ கையில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டியது. மேற்கோள் குறிக்குள் இருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கு.

## வாசிக்கத் தொடங்கும் முன்

ஒரு போனில் சாதாரண அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதே போனில் வாட்ஸ்அப் காலும் பேச முடியாது. வீட்டில் இரண்டு போன் இருந்தால், பாட்டியின் போனுக்குச் சாதாரண அழைப்பு போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லிவிட்டு, தாத்தாவின் போனைச் சரிசெய்யுங்கள். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒன்றின் சத்தம் மற்றதற்குள் போய் ஊளையிடும், அதனால் ஒரு கை நீளமாவது இடைவெளி வேண்டும். ஒரே போன்தான் என்றால், ஒரு அழைப்பில் இரண்டு செயலுக்கு மேல் சொல்லாதீர்கள். சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லச் செய்து, வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து வீடியோ கால் போடுங்கள்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். சொன்னபின் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். "ஆச்சா?" என்று கேட்காதீர்கள். ஆகாவிட்டாலும் "ஆச்சு"தான் பதிலாக வரும். "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

பட்டனை இடக்கணக்கில் சொல்வதும் வேண்டாம். "இடமிருந்து மூணாவது" என்பது செயலி புதுப்பிக்கப்பட்டதும் பொய்யாகிவிடும். படத்தைச் சொல்லுங்கள். ஒரு பட்டனுக்கு ஒரே பெயர், ஒரே வர்ணனை. பத்தாவது முறை சொல்லும்போதும் சுருக்காதீர்கள். முதல் முறை "மைக்", அடுத்த முறை "மியூட்" என்றால் அது இரண்டு பட்டன் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். இந்தப் பக்கம் முழுக்கப் பயன்படும் வர்ணனைகள் இவை:

"சிவப்பு பட்டன். சிவப்பு நிறம், உள்ள டெலிபோன் ரிசீவர் படம். இதைத் தொட்டா கால் கட்டாயிடும்."

"மைக் பட்டன். நீளமா ஒரு உருண்டை, அதுக்குக் கீழே ஒரு வளைவு, அதுக்கும் கீழே ஒரு காம்பு. உங்க குரலைத் திறக்கவும் மூடவும் இது."

"கேமரா பட்டன். ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கத்துல சின்ன முக்கோணம். உங்க முகத்தைக் காட்டவும் மறைக்கவும் இது."

"ஸ்பீக்கர் பட்டன். ஒலிபெருக்கி படம், அதுலேர்ந்து வளைஞ்ச கோடு வெளியே வரும். சத்தம் எது வழியா வரணும்ங்கறதுக்கு இது."

பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பட்டன்கள் சில நொடிகளில் தாமாக மறைந்துவிடும். பெரியவர்கள் "பட்டனே இல்லையே" என்பது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே கால் நடுவில் எந்தப் பட்டனைத் தொடச் சொன்னாலும் அதற்கு முன் இதைச் சொல்லுங்கள்: "திரையோட நடுவுல, என் முகத்து மேலயே, விரலால ஒரு தடவை மெல்லத் தட்டுங்க. கீழே வரிசையா பட்டன் வந்திருக்கா?" இரண்டு முறை தட்டினால் வந்தது மறுபடி மறைந்துவிடும். "ஒரு தடவை" என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

## அறிகுறி: மணி அடிக்கிறது, எடுக்க முடியவில்லை

முதலில் கேட்க வேண்டியது: மணி அடித்தபோது போன் சும்மா மேஜையில் இருந்ததா, அவர்கள் அதில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தார்களா? இரண்டுக்கும் எடுக்கும் விதம் வேறு.

### போன் பூட்டியிருந்தால்

திரை முழுவதும் உங்கள் பெயரோ முகமோ வரும். கீழே பச்சை வட்டம் இருக்கும். பல போன்களில் அதைத் தொட்டால் மட்டும் போதாது, மேலே இழுக்க வேண்டும். தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு "எடுக்கவே மாட்டேங்குது" என்று விட்டுவிடுவார்கள்.

"பாட்டி, கீழே பச்சையா ஒரு வட்டம் இருக்கும். அந்தப் பச்சை வட்டத்து மேல விரலை வைங்க. விரலை எடுக்காதீங்க. வெச்ச விரலை அப்படியே மேலே தள்ளிக்கிட்டே போங்க. திரையோட பாதி வரைக்கும் போங்க. இப்ப விரலை எடுங்க."

### போனைப் பார்த்துக்கொண்டிருந்தால்

முழுத் திரை வராது. மேல் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் வந்து, அதில் இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று மறுக்க, ஒன்று எடுக்க. போன் ஆங்கிலத்தில் இருந்தால் அவை "Decline", "Answer". இங்கே இழுக்கக் கூடாது, தொட வேண்டும். பழக்கதோஷத்தில் பட்டையை மேலே தள்ளினால் அது மறைந்துபோய், மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

"தாத்தா, மேலே ஒரு பட்டை வரும். அதுல ரெண்டு பட்டன். பச்சையா இருக்கறதை ஒரு தடவை தொட்டு விடுங்க. தள்ள வேண்டாம், தொட்டா போதும்."

சில போன்களில் இரண்டுக்கும் நிறமே இருக்காது. அந்த வீட்டுப் போனில் எப்படி வருகிறது என்பதை நேரில் போகும்போது ஒருமுறை அழைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

### இரண்டும் சரியாகச் செய்தும் எடுக்கவில்லை என்றால்

விரலைப் பாருங்கள். தொடுதிரை, விரல் மின்சாரத்தைக் கடத்துவதை நம்பி வேலை செய்கிறது. உலர்ந்த தோல் சரியாகக் கடத்தாது, அதனால் வயதானவர்களின் விரல் நுனி உலர்ந்திருந்தால் தொட்டதே பதியாமல் போகலாம். "விரல்ல லேசா ஊதிட்டு, நகம் படாம, விரலோட தட்டையான பக்கத்தால தொடுங்க." இதிலேயே பல நேரம் தீர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பயத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள், போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வேறெதையோ திறக்கும். அமைப்புகளில் அணுகல்வசதிப் பகுதிக்குள் "Touch & hold delay" என்று ஒன்று இருக்கிறது. அதை நீளமானதற்கு மாற்றிவிட்டால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலும் சாதாரணத் தொடலாகவே பதியும். இதை நேரில் போகும்போது நீங்களே செய்யுங்கள், போனில் சொல்லிச் செய்யவைக்க முயலாதீர்கள்.

அதன்பிறகும் ஆகாவிட்டால், திரை மேல் ஒட்டிய கண்ணாடி ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தடித்த கண்ணாடி என்றால் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

முகப்புத் திரையில் ஏதாவது ஒரு செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, திரை முழுவதும் மெல்ல இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அது கைவிட்டு விழுந்தால், அந்த இடத்தில் தொடுதிரை செத்துவிட்டது. பச்சை வட்டம் வரும் கீழ்ப்பகுதியில் செத்திருந்தால், மற்றதெல்லாம் வேலை செய்து கால் மட்டும் எடுக்க முடியாமல் போகும். திரையை மாற்றத்தான் வேண்டும். செலவு பெரிது, பழைய போனாக இருந்தால் புதுப்போன் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதுவரைக்கும் ஒரு குறுக்குவழி: கால் வரும் நேரத்துக்கு முன் போனைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னால் எடுக்கும் பட்டன் மேல் ஓரத்தில் வரும்.

## அறிகுறி: முகம் தெரிகிறது, சத்தம் இல்லை

யாருக்குக் கேட்கவில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். காது கேட்காதபோது வாயால் விளக்கிப் பயனில்லை. வெள்ளைத்தாளில் தடித்த பேனாவால் "கேக்குதா?" என்று எழுதிக் கேமரா முன் பிடியுங்கள். உங்கள் திரையில் எழுத்து இடவலமாகத் தெரியலாம், கவலை வேண்டாம், அவர்களுக்கு நேராகத்தான் தெரியும். பட்டன் படங்களையும் இப்படி ஒவ்வொரு தாளில் பெரிதாக வரைந்து வைத்துக்கொண்டால், இரண்டாவது போன் இல்லாத வீட்டிலும் சமாளிக்கலாம்.

### அவர்களுக்கு நம் குரல் கேட்கவில்லை

மலிவான காரணம் ஒலியளவு. இதைக் கால் நடக்கும்போதுதான் கூட்ட வேண்டும். கால் இல்லாத நேரத்தில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் மணியோசையோ பாட்டுச் சத்தமோதான் கூடும், பேச்சு ஒலி அப்படியே கிடக்கும். "நேத்தே முழுசா கூட்டி வெச்சேனே" என்பார்கள். அவர்கள் கூட்டியது வேறொன்றை.

அடுத்தது, சத்தம் வேறு கருவிக்குப் போய்க்கொண்டிருப்பது. இதை ஒரு முழு நிகழ்வாகவே பார்த்துவிடலாம். தாத்தாவின் போனில் வீடியோ கால் ஓடுகிறது. பாட்டியின் போன் சாதாரண அழைப்பில், ஸ்பீக்கரில், மேஜையின் மறுகோடியில்.

"தாத்தா, என் முகம் தெரியுதா?"

"தெரியுதும்மா. வாய் அசையுது, சத்தம் இந்தப் போன்லதான் வருது."

"சரி. வீடியோ வர்ற போனைக் கையில எடுத்துக்கோங்க. அதோட ஓரத்துல நீளமா ஒரு பொத்தான் இருக்கும். அதோட மேல் பாதியை ஏழெட்டு தடவை அழுத்துங்க. திரையில என்ன தெரியுது?"

"ஒரு கோடு மேலே ஏறி முழுசா நிக்குது. சத்தம் இல்ல."

"சரி, ஒலி முழுசா இருக்கு. இப்ப என் முகத்து மேல ஒரு தடவை மெல்லத் தட்டுங்க. கீழே பட்டன் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அதுல ஸ்பீக்கர் பட்டன் தேடுங்க. ஒலிபெருக்கி படம், அதுலேர்ந்து வளைஞ்ச கோடு வெளியே வரும்."

"அது இல்லையே. கூர் கூரா வளைஞ்ச ஒரு எழுத்துதான் இருக்கு."

இங்கேயே விடை கிடைத்துவிட்டது. ஒலிபெருக்கிப் படம் இருக்க வேண்டிய இடத்தில் புளூடூத் குறி இருந்தால், சத்தம் போனில் இல்லை, எங்கோ இருக்கும் ஒரு இயர்போனில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

"அதையே ஒரு தடவை தொடுங்க. என்ன வந்தது?"

"மூணு வரி வந்திருக்கு."

"அந்த வரியில எதுக்குப் பக்கத்துல ஒலிபெருக்கி படம் இருக்கு? அதை ஒரு தடவை தொடுங்க."

"ஆங், வந்துடுச்சு. பாட்டிகிட்ட போனைக் குடுக்கவா?"

அலமாரியில் அணைக்காமல் வைத்த இயர்போன்தான் இதில் வழக்கமான குற்றவாளி. இனி வேண்டாம் என்றால் புளூடூத் அமைப்பில் அதன் இணைப்பை நீக்கிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது காது கேட்கும் கருவி என்றால் நீக்காதீர்கள். அது காதில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். டப்பாவில் இருந்தும் அணையாமல் போனோடு இணைந்திருந்தால் குரல் டப்பாவுக்குள்தான் பேசும்.

ஒயர் இயர்போன் போட்டுப் பழகியவர் என்றால் இன்னொன்று: துளையில் அழுக்கு சேர்ந்தால், கழற்றிய பிறகும் இயர்போன் இருப்பதாகவே போன் நினைத்துக்கொண்டிருக்கும். ஒயரைச் செருகி உருவி, அப்படி நான்கைந்து முறை செய்தால் பெரும்பாலும் விடும்.

இவை எதுவும் இல்லையென்றால், போனில் இருக்கும் ஏதாவது வீடியோவை ஓட்டச் சொல்லுங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் ஸ்பீக்கர் வலை அடைத்திருக்கிறது அல்லது ஸ்பீக்கர் போய்விட்டது. உலர்ந்த மென்மையான பிரஷால் வலையைத் துடைத்துப் பாருங்கள். மாறாவிட்டால் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

### நமக்கு அவர்கள் குரல் கேட்கவில்லை

போனைப் பிடிக்கும் கையே பாதிக் காரணம். மைக் துளை போனின் கீழ் விளிம்பில் இருக்கும், அங்கேதான் சுண்டுவிரலால் தாங்குவார்கள். "போனைக் கீழே தாங்காம, ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கோங்க. இப்ப ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுங்க."

அடுத்து மைக் பட்டன். "என் முகத்து மேல ஒரு தடவை தட்டுங்க. கீழே மைக் பட்டன் தேடுங்க. நீளமா ஒரு உருண்டை, கீழே ஒரு வளைவு, அதுக்கும் கீழே ஒரு காம்பு. அதை ஒரே ஒரு தடவை தொடுங்க. கையை எடுத்துடுங்க. இப்ப ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுங்க."

படத்தின் குறுக்கே கோடு இருக்கிறதா என்று கேட்பதைவிட உங்கள் காதை நம்புவது நல்லது. கோடும் பின்னணி நிறமும் காட்டும் விதம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. கேட்கவில்லை என்றால் இன்னும் ஒரே ஒரு தடவை தொடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் கேட்கவில்லை என்றால் மைக் பட்டன் காரணமில்லை.

இப்போது காலை வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பிறகு சாதாரண அழைப்பில் பேசிப் பாருங்கள். சாதாரண அழைப்பில் குரல் நன்றாக இருந்து, வாட்ஸ்அப் குரல் பதிவு மட்டும் போகவில்லை என்றால் அனுமதிதான் சிக்கல். அமைப்புகளில் செயலிகள், அதில் வாட்ஸ்அப், அதில் அனுமதிகள், அதில் மைக்ரோபோன். அங்கே அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். எப்போதோ வந்த கேள்விக்கு இரண்டு முறை மறுத்துவிட்டால், புதிய ஆண்ட்ராய்டுகள் மறுபடி கேட்பதே இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இறங்கும் பட்டியலில் மைக்கையும் கேமராவையும் ஒட்டுமொத்தமாக மூடும் கட்டங்களும் உண்டு. கை பட்டு மூடியிருக்கலாம்.

சாதாரண அழைப்பு, குரல் பதிவு, போனின் சொந்த ஒலிப்பதிவுச் செயலி மூன்றிலும் குரல் இல்லையென்றால் மைக் பழுது. ஊசியால் துளையைக் குத்த விடாதீர்கள், அது உள்ளே இருக்கும் மைக்கையே கிழித்துவிடும். "ரீசெட் பண்ணிப் பார்க்கலாம்" என்று கடைக்காரர் தொடங்கினால் நிறுத்துங்கள். மூன்று செயலியிலும் வராத குரல் ரீசெட்டில் வரப்போவதில்லை, படங்களும் எண்களும் அழிந்துபோவதுதான் மிச்சம்.

## அறிகுறி: குரல் வருகிறது, முகம் வரவில்லை

என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்துப் பிரியும்.

கூரையோ காதோ நெற்றியோ தெரிந்தால் பழுது எதுவும் இல்லை. போனை ஒரு கனமான டப்பாவில் சாய்த்து, கை நீளத் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். காதில் வைத்துப் பேசுகிறவர்களிடம், "இது பார்த்துப் பேசற கால், கண்ணாடி பார்க்கற மாதிரி முன்னால பிடிங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்ச்சுவர் தெரிந்தால் பின்பக்கக் கேமரா ஓடுகிறது. "என் முகத்து மேல ஒரு தடவை தட்டுங்க. வளைஞ்ச அம்பு சுத்திக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு படம் தேடுங்க. அதை ஒரே ஒரு தடவை தொடுங்க." இந்தப் பட்டன் மட்டும் கீழ் வரிசையில் இல்லாமல், அவர்கள் முகம் தெரியும் சின்னச் சதுரத்தின் மேல் இருக்கலாம்.

இருட்டாகவோ உங்கள் கண்ணுக்கு அவர்களின் புகைப்படம் மட்டுமோ தெரிந்தால் கேமரா பட்டனை ஒரு தடவை தொடச் சொல்லுங்கள்: ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம். மாறாவிட்டால் போனின் சொந்தக் கேமராவைத் திறந்து, தங்கள் முகம் அதில் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெரிந்தால் மேலே சொன்ன அனுமதிப் பக்கத்தில் கேமராவைச் சரிபாருங்கள். அதிலும் கருப்பு என்றால் மேல் விளிம்பில் உறையோ கண்ணாடியோ லென்ஸை மறைக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கடைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி: படம் உறைந்து நிற்கிறது, குரல் விட்டு விட்டு வருகிறது

உங்கள் பக்கம் கேமராவை அணையுங்கள். அவர்களையும் கேமரா பட்டனைத் தொட்டு அணைக்கச் சொல்லுங்கள். குரல் உடனே தெளிந்தால் இணைப்பின் வேகம் போதவில்லை, போன் மேல் குற்றமில்லை. வைஃபை பெட்டி இருக்கும் அறைக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள். பிறகு பெட்டியை மின்சாரத்திலிருந்து கழற்றி, அரை நிமிடம் விட்டு, மறுபடி மாட்டச் சொல்லுங்கள். மொபைல் டேட்டா என்றால் அன்றைய அளவு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பு, டேட்டா பகுதியில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா எடுக்கும் வசதி இருக்கிறது. படம் மங்கும், ஆனால் உறைவது குறையும். வேறு போன்களிலும் அதே அறையில் வலைப்பக்கங்கள் மெதுவாகத் திறந்தால் இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள்.

## அறிகுறி: நாம் அழைக்கிறோம், அங்கே மணியே அடிக்கவில்லை

உங்கள் திரையில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். அங்கே இருப்பவரைத் தொந்தரவு செய்யாமலே பாதி தெரிந்துவிடும். "Calling" என்றே நின்றால் அழைப்பு அவர்கள் போனைச் சேரவே இல்லை. போன் அணைந்திருக்கிறது, அல்லது இணையம் இல்லை. விமானப் படம் போட்ட கட்டம் தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்று சாதாரண அழைப்பு போட்டுப் பாருங்கள். அதுவும் போகவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான், அல்லது போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

"Ringing" என்று மாறியும் அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் போன் சேர்ந்துவிட்டது, சத்தம்தான் எழவில்லை. ஒலியில்லா நிலையோ "Do Not Disturb" என்ற நிலா அல்லது கழித்தல் குறியோ போட்டிருக்கும். நீங்கள் புது எண்ணிலிருந்து அழைத்தால் இன்னொன்றையும் பாருங்கள்: வாட்ஸ்அப்பின் தனியுரிமைப் பகுதியில், அழைப்புகளுக்குள் "Silence unknown callers" இருக்கிறது. அது போட்டிருந்தால், தொடர்புகளில் பெயர் இல்லாத எண்ணுக்கு மணி அடிக்காது. அதை அணைக்காதீர்கள். மோசடி அழைப்புகளிலிருந்து பெரியவர்களைக் காக்கும் நல்ல வேலி அது. உங்கள் புது எண்ணை அவர்கள் போனில் பெயரோடு சேமித்தால் போதும்.

செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் மணி அடித்து, மூடி வைத்தால் அடிக்காவிட்டால், பேட்டரி சேமிக்கும் அமைப்பு வாட்ஸ்அப்பைத் தூங்க வைக்கிறது. செயலிகள் பகுதியில் வாட்ஸ்அப்பின் பேட்டரிப் பக்கத்தில் "Unrestricted" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில தயாரிப்பு நிறுவனங்களின் போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதி என்று தனியாக ஒன்றும் இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள். இதுவும் நேரில் போகும்போது செய்ய வேண்டிய வேலைதான்.